சான்றிதழின் தேதி: 80டிடி கழிவைக் கேள்வி கேட்டு நோட்டீஸ் வந்தால்

நோட்டீஸை அப்புறம் பார்க்கலாம். முதலில் பழைய மருத்துவச் சான்றிதழை எடுத்து மேசைமேல் விரியுங்கள். அது படிவம் 10-ஐஏ ஆக இருந்தால் மூன்று பத்திகள்தான் இருக்கும். முதல் பத்தியில் பிள்ளையின் பெயர், வயது, முகவரி, குறைபாட்டின் வகை. இரண்டாவதில் இந்த நிலை வளரக்கூடியதா, வளராததா, தேறக்கூடியதா, தேறாததா என்று நான்கு சொற்கள். மூன்றாவதில் ஒரே வரி: மறுமதிப்பீடு தேவை அல்லது தேவையில்லை, தேவையென்றால் எத்தனை மாதம் அல்லது வருடம் கழித்து. பொருந்தாத சொற்களை மருத்துவர் பேனாவால் அடித்திருக்க வேண்டும். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த மூன்றாவது பத்தியைப் பற்றியதுதான்.

“சர்ட்டிபிகேட் பழசாயிட்டு சார், புதுசு வாங்கிக் குடுத்துட்டா போதும்லா?” என்றுதான் நோட்டீஸோடு வருகிறவர்கள் கேட்கிறார்கள். பாதி சரி. பழையது என்பது வேறு, காலாவதியானது என்பது வேறு. 2009இல் கொடுத்த சான்றிதழில் ‘மறுமதிப்பீடு தேவையில்லை’ என்றிருந்தால், தாள் மஞ்சளாகி மடிப்பில் கிழிந்திருந்தாலும் இன்றைக்கும் அது செல்லும். 2021இல் கொடுத்ததில் ‘இரண்டு வருடம் கழித்து’ என்று இருந்தால், தாள் மொடமொடப்பாக இருந்தாலும் அது முடிந்துபோனது. தேதியைப் பார்த்துக் கலங்காமல் அந்த வரியைப் பாருங்கள்.

சட்டம் சொல்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தன்னைச் சார்ந்து வாழும் கணவன் அல்லது மனைவி, பிள்ளை, பெற்றோர், உடன்பிறந்தவர் ஆகியோரில் ஒருவருக்குக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு இருந்து, அவருடைய சிகிச்சைக்கோ பயிற்சிக்கோ பராமரிப்புக்கோ செலவு செய்தால், இந்தியாவில் வசிப்பவருக்கு வருமானத்தில் 75,000 ரூபாய் கழிவு. குறைபாடு 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000 ரூபாய். செலவு இதைவிடக் குறைவாக இருந்தாலும் கழிவு இதே தொகைதான். பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு மட்டுமே இது கிடைக்கும். 2023-24 நிதியாண்டிலிருந்து நாம் எதுவும் சொல்லாவிட்டால் புதிய வரிமுறைதான் பொருந்தும் என்றாகிவிட்டது. அதனால் நோட்டீஸ் வந்தவர்கள் முதலில் அந்த வருடக் கணக்கு எந்த முறையில் தாக்கலானது என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதிய முறையில் தாக்கலாகியிருந்தால் சான்றிதழைப் பற்றிப் பேசவே இடமில்லை.

இனி ஒரு குடும்பத்தை வைத்துக்கொண்டு நடப்போம். இது இந்த அத்தியாயத்துக்காக அமைத்துக்கொண்ட குடும்பம். ஆனால் இதில் உள்ள சிக்கல் ஒவ்வொன்றும் திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்களில் சர்வ சாதாரணம். அப்பா நாகர்கோவில்காரர். மாற்றலாகி வந்து கரமனையில் குடியிருக்கிறார், அரசு வேலை. மகளுக்குப் பிறப்பிலிருந்தே மூளை முடக்குவாதம். டாக்டர்கள் செரிப்ரல் பால்ஸி என்பார்கள். அவளுக்குப் பதிமூன்று வயதானபோது, 2018 ஜூன் 14 அன்று, கன்னியாகுமரி மாவட்டத்து அரசு மருத்துவமனையில் 10-ஐஏ வாங்கினார்கள். கடுமையான குறைபாடு, மறுமதிப்பீடு ஐந்து வருடம் கழித்து. வளரும் பிள்ளைக்குக் குறைபாட்டின் அளவு மாறலாம் என்பதால் காலவரையறை போடுவது வழக்கம். அந்த ஐந்து வருடம் 2023 ஜூனில் முடிந்தது.

அப்பா அதைக் கவனிக்கவில்லை. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரிப் படிவத்தில் 80டிடிக்கென்றே தனி அட்டவணை வந்துவிட்டது. சார்ந்தவரின் ஆதார், பான், யுடிஐடி எண், 10-ஐஏ தாக்கல் செய்த தேதி, அதன் ஒப்புகை எண் எல்லாம் அதில் கேட்கிறார்கள். அவர் 2018 சான்றிதழின் விவரங்களைப் போர்ட்டலில் 10-ஐஏ ஆகத் தாக்கல் செய்து, கிடைத்த ஒப்புகை எண்ணைப் போட்டார். அடுத்த வருடமும், அதாவது 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கும், அதே எண்ணையே போட்டு 1,25,000 ரூபாய் கழித்தார். இருபது சதவீத அடுக்கில் இருப்பவர் என்பதால், நான்கு சதவீத செஸ்ஸையும் சேர்த்து அவருக்கு மிச்சமானது 26,000 ரூபாய். 2026 ஜனவரியில் கேள்வி வந்தது: ‘தாங்கள் குறிப்பிட்டுள்ள சான்றிதழின் செல்லுபடிக் காலம் 2023இல் முடிந்துவிட்டதாகத் தெரிகிறது. கழிவை ஏன் நிராகரிக்கக் கூடாது?’

இதற்கு நடுவில் ஒன்று நடந்திருந்தது. கேரள அரசுப் பேருந்தில் மகளுக்குச் சலுகைப் பயண அட்டை வாங்கப் போனபோது யுடிஐடி அட்டை கேட்டார்கள். அதற்காக வீட்டம்மா அலைந்து, 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரத்திலேயே புதிய சான்றிதழும் புதிய 10-ஐஏவும் வாங்கி வைத்திருந்தார். அது சமையலறை அலமாரியில், ரேஷன் கார்டோடு ஒரே கவரில் இருந்தது. வரிக் கணக்கு எழுதுகிறவருக்கு அந்த விஷயம் தெரியாது. ஒரே வீட்டில் இரண்டு கவர்கள் இருப்பதுதான் இத்தகைய நோட்டீஸ்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் என்பது என் கணிப்பு.

இப்போது ஆண்டுக் கணக்கு. இங்கேதான் பலரும், சில நேரம் கணக்கு எழுதுகிறவர்களும், தவறுகிறார்கள்.

சான்றிதழ் முடியும் நாளோடு கழிவு முடிந்துவிடுவதில்லை. 80டிடி பிரிவின் நான்காவது உட்பிரிவில் ஒரு விதிவிலக்கு வாசகம் உண்டு. சான்றிதழ் எந்த நிதியாண்டுக்குள் காலாவதியானதோ, அந்த நிதியாண்டு முடிந்த பிறகு தொடங்கும் ஆண்டுகளுக்குத்தான் புதிய சான்றிதழ் இல்லாமல் கழிவு கிடையாது. வருமான வரி விதிகளில் 11ஏ விதியின் மூன்றாம் உட்பிரிவு இதையே மறுமுனையிலிருந்து சொல்கிறது. காலவரையறை உள்ள சான்றிதழ், அது கொடுக்கப்பட்ட நிதியாண்டுக்கான மதிப்பீட்டு ஆண்டில் தொடங்கி, அது முடியும் நிதியாண்டுக்கான மதிப்பீட்டு ஆண்டு வரை செல்லும்.

நம் கணக்கில் பொருத்திப் பாருங்கள். பழைய சான்றிதழ் 2023 ஜூனில் முடிந்தது. அது 2023-24 நிதியாண்டு. ஆகவே அந்த நிதியாண்டு முழுவதற்கும், அதாவது 2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்கு, பழையதே போதும். ஜூனுக்குப் பிறகான ஒன்பது மாதங்களுக்கென்று தனியாக எதையும் காட்ட வேண்டியதில்லை. அந்த வருடத்துக்கு நோட்டீஸ் வந்திருந்தால், பழைய சான்றிதழையும் இந்த விதியையும் காட்டுவதே முழுப் பதில். 2024 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டுக்கு அது உதவாது. ஆனால் புதிய சான்றிதழ் 2025 பிப்ரவரியில் வாங்கியது. அந்த மாதமும் அதே 2024-25 நிதியாண்டுக்குள்தான் விழுகிறது. ஆகவே 2025-26 மதிப்பீட்டு ஆண்டு முழுவதற்கும் புதியது செல்லும். 2024 ஏப்ரலிலிருந்து 2025 ஜனவரி வரை கையில் செல்லுபடியாகும் தாள் இல்லையே என்று அப்பா கவலைப்பட்டார். சட்டம் நிதியாண்டைப் பார்க்கிறதே தவிர மாதத்தைப் பார்ப்பதில்லை.

ஆக, கரமனைக் குடும்பத்தின் கோரிக்கை சரியானது. எண்ணைத்தான் தவறாகப் போட்டுவிட்டார்கள். இதை முன்பே கண்டிருந்தால், அந்த மதிப்பீட்டு ஆண்டின் டிசம்பர் 31க்குள் திருத்திய கணக்கைத் தாக்கல் செய்து முடித்திருக்கலாம். 2025 டிசம்பர் போய்விட்டதால் பதிலில்தான் சரிசெய்ய வேண்டும்.

பதில் எழுதுவதற்கு முன், புதிய சான்றிதழ் பதிலுக்குத் தகுதியானதுதானா என்று பார்க்க வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல குறைபாடுகள் சேர்ந்த நிலை ஆகிய மூன்றுக்கும் வருமான வரித் துறை கேட்பது 10-ஐஏ. மற்றவற்றுக்கு, அதாவது பார்வை, செவி, கைகால் முதலானவற்றுக்கு, மருத்துவ வாரியம் தரும் வழக்கமான குறைபாட்டுச் சான்றிதழே போதும். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு யுடிஐடி அட்டையை மட்டும் அனுப்பி, அதன்பின் 10-ஐஏ எங்கே என்று இரண்டாவது கேள்வி வாங்குவது அடிக்கடி நடக்கிறது. அட்டையில் சதவீதம் இருக்கும். 10-ஐஏவில் சதவீதம் இருக்காது. ‘குறைபாடு’, ‘கடுமையான குறைபாடு’ என்ற இரண்டில் ஒன்றை அடித்திருப்பார்கள். இரண்டையும் சேர்த்து அனுப்பினால் ஒன்று மற்றதை விளக்கும்.

கையெழுத்து போட்டவர் யார் என்பதும் முக்கியம். 11ஏ விதி சொல்லும் மருத்துவ அதிகாரி, நரம்பியலில் எம்.டி. பட்டம் பெற்ற நிபுணர், குழந்தைகள் என்றால் அதற்கு இணையான பட்டம் உள்ள குழந்தை நரம்பியல் நிபுணர். இல்லாவிட்டால் அரசு மருத்துவமனையின் சிவில் சர்ஜன் அல்லது தலைமை மருத்துவ அதிகாரி. திருவனந்தபுரத்தில் இருப்பவர்களுக்கு நரம்பியல் நிபுணர்களுக்குப் பஞ்சமில்லை. மெடிக்கல் காலேஜ் வளாகத்தை ஒட்டியே ஸ்ரீசித்ரா இருக்கிறது. ஆனால் எத்தனை பெரிய இடத்தில் சிகிச்சை நடந்தாலும் டிஸ்சார்ஜ் சம்மரியும் ஓபி சீட்டும் சான்றிதழ் ஆகா. படிவத்திலேயே எழுதி வாங்க வேண்டும். வாங்கும் இடத்திலேயே நின்று மூன்று விஷயங்களைப் பாருங்கள். பொருந்தாத சொற்கள் அடிக்கப்பட்டிருக்கின்றனவா? மருத்துவரின் பட்டமும் பதவியும் முத்திரையில் வாசிக்கும்படி விழுந்திருக்கின்றனவா? மகளின் கையெழுத்தோ கைநாட்டோ இருக்கிறதா? அடிக்காமல் விட்ட படிவத்தின்படி அந்தப் பெண் ஒரே நேரத்தில் தேறக்கூடியவளும் தேறாதவளும் ஆகிவிடுவாள். வீட்டுக்குப் போனபின் இதைக் கண்டுபிடித்தால் இன்னொரு நாள் லீவு போட வேண்டியதுதான்.

புதுப்பிக்கும்போது வேறொன்றையும் கேட்டு வாங்க வேண்டும். 2017ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமை விதிகளின்படி, குறைபாட்டின் அளவு காலப்போக்கில் மாற வாய்ப்பில்லை என்றால் மருத்துவ வாரியம் நிரந்தரச் சான்றிதழே தர வேண்டும்; மாற வாய்ப்புண்டு என்றால் மட்டுமே காலத்தைக் குறிக்க வேண்டும். பதினெட்டு தாண்டிய பெண், பிறவி மூளை முடக்குவாதம். இதில் இன்னொரு ஐந்து வருடத்துக்கு அவசியம் இருக்கிறதா என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை. வாரியத்தில் கேட்காதவர்களுக்குப் பழைய சான்றிதழில் உள்ள காலமே அப்படியே நகலாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பழைய சான்றிதழ் தமிழ்நாட்டில் வாங்கியது, இங்கே எடுபடுமா என்ற சந்தேகம் வேண்டாம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழங்கும் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். புதுப்பிக்க நாகர்கோவிலுக்குப் போக வேண்டியதும் இல்லை. இப்போது வசிக்கும் மாவட்டத்தில், முகவரிச் சான்றோடு swavlambancard.gov.in தளத்தில் விண்ணப்பிக்கலாம். வாரியத்துக்குப் போகும்போது மட்டும் பழைய சான்றிதழின் அசலைக் கொண்டுபோங்கள். அது இல்லாவிட்டால் புதிய நோயாளியைப் போல முதலிலிருந்து பார்க்கத் தொடங்குவார்கள்.

இனி நோட்டீஸ். அதன் மேல் மூலையில் டின் எனப்படும் ஆவண எண் இருக்கிறதா பாருங்கள். 2019 அக்டோபர் 1 முதல் வருமான வரித் துறையிலிருந்து வரும் கடிதங்களுக்கு அந்த எண் கட்டாயம். போர்ட்டலில் Authenticate Notice/Order Issued by ITD என்ற இடத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். போலி நோட்டீஸ்கள் மலிந்த காலம் இது, இரண்டு நிமிடம் செலவழிப்பதில் நஷ்டமில்லை. அடுத்து எந்தப் பிரிவு, எந்த மதிப்பீட்டு ஆண்டு, எத்தனை நாள் என்று பாருங்கள். கணக்கைப் பிராசஸ் செய்யும்போதே 143(1)(ஏ) பிரிவில் வந்த திருத்த முன்னறிவிப்பு என்றால் முப்பது நாள். 142(1) பிரிவில் வரும் கேள்விக் கடிதத்தில் கெடு தேதி அந்தக் கடிதத்திலேயே இருக்கும், பெரும்பாலும் அதைவிடக் குறைவாக. நோட்டீஸ் 2026 ஏப்ரலுக்குப் பிறகு வந்தாலும், கேள்வி அதற்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றியது என்றால் பார்க்க வேண்டியது 1961ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான். புதிய 2025ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தேதிக்குப் பிந்தைய வருமானத்துக்கு.

நோட்டீஸைக் கையில் எடுத்துக்கொண்டு கவடியார் ஆயகர் பவனுக்கு ஓடுகிறவர்கள் உண்டு. முகமற்ற மதிப்பீட்டில் உங்கள் கணக்கைப் பார்ப்பவர் அங்கே இல்லை. அவர் நாட்டின் எந்த மூலையிலும் இருக்கலாம். யார் என்று உங்களுக்கும் தெரியாது, உங்களை அவருக்கும் தெரியாது. இதிலிருந்து ஒரு நடைமுறை விஷயம் பிறக்கிறது. கேரளத்து ஆவணத்தில் மலையாளமும் தமிழ்நாட்டு ஆவணத்தில் தமிழும் இருந்தால் அவரால் வாசிக்க முடியாமல் போகலாம். தமிழ்நாட்டின் பழைய மாற்றுத்திறனாளி அடையாள அட்டைப் புத்தகத்தை ஸ்கேன் செய்து அனுப்புகிறவர்கள், முக்கியமான வரிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவர் கையெழுத்தோடு பக்கத்திலேயே வைக்க வேண்டும். கவுன்டரில் எதிரே உட்கார்ந்திருந்தால் வாயால் சொல்லிவிடலாம். இங்கே தாள்தான் பேச வேண்டும்.

பதில் கடிதம் ஆங்கிலத்தில், ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். கரமனை அப்பாவின் கடிதம் தமிழில் சொன்னால் இப்படி அமையும்:

‘மதிப்பீட்டு ஆண்டு 2025-26, நோட்டீஸ் எண், தேதி. என் மகள் பிறவியிலிருந்தே மூளை முடக்குவாதத்தால் பாதிக்கப்பட்டவர், என்னையே சார்ந்து வாழ்பவர், 80யு பிரிவில் தனியாகக் கழிவு கோரவில்லை. என் கணக்கின் 80டிடி அட்டவணையில் 2018ஆம் ஆண்டுச் சான்றிதழைச் சேர்ந்த 10-ஐஏ ஒப்புகை எண்ணைத் தவறுதலாகக் குறிப்பிட்டுவிட்டேன். அந்தச் சான்றிதழ் 2023 ஜூனில் காலாவதியானது உண்மை. ஆனால் மறுமதிப்பீட்டுக்குப் பின் 2025 பிப்ரவரியில் புதிய சான்றிதழ் வழங்கப்பட்டிருக்கிறது. அது 2024-25 நிதியாண்டுக்குள் வழங்கப்பட்டதால், 11ஏ(3) விதிப்படி 2025-26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து செல்லும். அதில் கடுமையான குறைபாடு என்று குறிக்கப்பட்டிருப்பதால் 1,25,000 ரூபாய் கழிவுக்குத் தகுதி உண்டு. புதிய சான்றிதழுக்கான 10-ஐஏவை இப்போது போர்ட்டலில் தாக்கல் செய்து ஒப்புகையை இணைத்துள்ளேன். கழிவை அனுமதிக்க வேண்டுகிறேன்.’

இதில் கவனிக்க வேண்டியது, தவறை முதலிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். பழையதைப் பற்றி வாய் திறக்காமல் புதியதை மட்டும் நீட்டினால், மதிப்பீட்டாளர் இரண்டு எண்களையும் ஒப்பிட்டுவிட்டு மறுபடி கேட்பார். இன்னொன்று, விதியின் எண்ணைச் சொல்லித் தேதியை அதில் பொருத்திக் காட்டியிருக்கிறார். ‘புதிய சான்றிதழ் இணைப்பு’ என்று ஒற்றை வரி எழுதுகிறவர்களின் வேலையை மதிப்பீட்டாளர் செய்ய வேண்டியிருக்கிறது. அவர் அதை நமக்குச் சாதகமாகவே செய்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

இணைப்புகள்: பழைய சான்றிதழ், புதிய 10-ஐஏ, யுடிஐடி அட்டையின் இரு பக்கம், புதிய 10-ஐஏ தாக்கலின் ஒப்புகை, அந்த நிதியாண்டில் செய்த செலவுக்கு மூன்று நான்கு ரசீதுகள். 1,25,000 ரூபாய்க்கும் பில் காட்ட வேண்டியதில்லை. ஆனால் செலவே இல்லாமல் கழிவு இல்லை என்பதால், பிசியோதெரபிக்குக் கட்டியது, மருந்துக் கடைப் பில், காலிப்பர் வாங்கியது போன்ற சிலவற்றை வைப்பது நல்லது. சான்றிதழைப் போனில் சாய்வாகப் படம் எடுக்காமல், கடையில் கொடுத்து பிடிஎஃப் ஆக ஸ்கேன் செய்யுங்கள். முத்திரையின் நீல மை மங்கிப்போனால் பதவி தெரியாது. ஒவ்வொரு கோப்புக்கும் அது என்ன என்று தெரியும்படி பெயர் வையுங்கள். பிறகு போர்ட்டலில் Pending Actions, அதற்குள் e-Proceedings சென்று, அந்த நோட்டீஸுக்கு நேரே Submit Response. அனுப்பியதும் வரும் ஒப்புகையை உடனே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது நல்ல நிலைமை. இனி அப்படி இல்லாத நிலைமைக்கு வருவோம். வீட்டம்மா பேருந்து அட்டைக்காக அலைந்திருக்கவில்லை; நோட்டீஸ் வந்த பிறகுதான், 2026இல், புதிய சான்றிதழுக்கு ஓடுகிறார்கள் என்று வையுங்கள்.

முதல் சிக்கல் நேரம். சான்றிதழ் வழங்க முன்பு ஒரு மாதம் என்றிருந்த கெடுவை 2024இல் திருத்திய விதிகள் மூன்று மாதமாக்கிவிட்டன. நோட்டீஸின் கெடுவோ இரண்டு மூன்று வாரம். கெடு தேதி வரை காத்திருக்காமல், யுடிஐடி தளத்தில் விண்ணப்பித்த ஒப்புகையை இணைத்து, அதே e-Proceedings பக்கத்தில் அவகாசம் கேளுங்கள். பதிலே சொல்லாமல் இருப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. அப்போது கிடைத்த விவரத்தை வைத்தே கழிவை வெட்டிவிடுவார்கள்.

இரண்டாவது சிக்கல் பெரியது. 2026 பிப்ரவரியில் வாங்கும் சான்றிதழ் 2025-26 நிதியாண்டைச் சேர்ந்தது. அது 2026-27 மதிப்பீட்டு ஆண்டிலிருந்துதான் செல்லும். பழையதோ 2024-25 மதிப்பீட்டு ஆண்டோடு நின்றுவிட்டது. நடுவில் 2025-26 மதிப்பீட்டு ஆண்டு தனியாகத் தொங்குகிறது. சட்டத்தின் எழுத்துப்படி பார்த்தால் அந்த ஒரு வருடத்துக்குக் கழிவு இல்லை. புதிய சான்றிதழை நீட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வாதாட இடமே இல்லையா? உண்டு, ஆனால் குறுகலான இடம். மூளை முடக்குவாதம் பிறவி நிலை, வந்துபோவதல்ல. புதிய 10-ஐஏவில் ‘வளராதது, தேறாதது’ என்று குறிக்கப்பட்டிருந்தால், இடைப்பட்ட வருடத்தில் மட்டும் குறைபாடு இல்லாமல் போயிருக்க முடியாது என்று சொல்லலாம். கணக்கோடு சேர்த்துத் தர வேண்டிய சான்றை மதிப்பீடு முடியும் முன்பு தந்தாலும் போதும் என்று, வேறொரு கழிவு தொடர்பாக, ஜி.எம். நிட்டிங் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதைத் துணைக்கு அழைக்கலாம். ஆனால் அந்த வழக்கு தாமதமாகக் கொடுத்த சான்றைப் பற்றியது. நம்முடைய சிக்கல் தாமதமாகப் பிறந்த சான்றைப் பற்றியது. இந்த வேறுபாட்டை மதிப்பீட்டாளர் பிடித்துக்கொண்டால் பதில் சொல்வது கடினம். 26,000 ரூபாய் வரிக்காக மேல்முறையீடு வரை போவதா என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும். நானாக இருந்தால் பதிலில் வாதத்தை வைத்துப் பார்ப்பேன், நிராகரித்தால் வரியைக் கட்டிவிட்டு விட்டுவிடுவேன். உத்தரவு வந்த பிறகு மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் உண்டு. எல்லா விவரத்தையும் மறைக்காமல் வைத்து, நல்லெண்ணத்தில் கோரியது என்று காட்டினால் அபராதத்திலிருந்து தப்பவும் சட்டத்தில் வழி இருக்கிறது. தேதியை மறைத்தவருக்கு அந்த வழி அடைபட்டுவிடும்.

பழைய தேதி போட்டு ஒன்று எழுதி வாங்கலாமே என்று காதோடு சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். யுடிஐடி சான்றிதழ் கணினியில் பிறப்பது. எந்தத் தேதியில் விண்ணப்பம், எந்தத் தேதியில் பரிசோதனை, எந்தத் தேதியில் வழங்கியது என்பதெல்லாம் அங்கேயே பதிவாகியிருக்கும். கழிவை வெட்டினால் போகும் வரி சில ஆயிரம் ரூபாய்தான். போலிச் சான்று என்றால் விஷயம் வேறு பிரிவுகளுக்குப் போய்விடும்.

புதிய சான்றிதழால் எதிர்பாராத ஒரு விளைவும் வரலாம். பழையதில் கடுமையான குறைபாடு. புதிய வாரியம் பரிசோதித்து 70 சதவீதம் என்கிறது. பயிற்சியால் பிள்ளை தேறியிருக்கலாம், மதிப்பிடும் முறை மாறியிருக்கலாம். அப்போது புதிய சான்றிதழ் செல்லும் ஆண்டிலிருந்து கழிவு 75,000 ரூபாய்தான். 1,25,000 கோரியிருந்தால், பதிலிலேயே 50,000 ரூபாயை நாமாக விட்டுக்கொடுத்து, மீதியை அனுமதிக்கக் கேட்பதே சரி. இருபது சதவீத அடுக்கில் அதற்கு வரி 10,400 ரூபாயும் வட்டியும். பழையது செல்லுபடியாக இருந்த ஆண்டுகளை இது பாதிக்காது. அந்த ஆண்டுகளுக்குக் கேள்வி வந்தால் பழையதையே காட்டுங்கள், புதியதை வலியப்போய் இணைக்க வேண்டாம். எந்த ஆண்டுக்கு எந்தத் தாள் என்பதுதான் கணக்கு.

கரமனை அப்பா பதிலை அனுப்பிவிட்டார். கோப்பை மூடுவதற்கு முன் அவருக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அவருடைய அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போடும் பிரிவின் கோப்பில் இன்னும் 2018ஆம் ஆண்டு நகல்தான் கிடக்கிறது. வருடம்தோறும் ஜனவரியில் அவர் தரும் 12பிபி படிவத்தோடு அதைச் சேர்த்துத்தான் வரிப் பிடித்தம் கணக்கிடுகிறார்கள். புதிய 10-ஐஏவின் நகலை எழுத்துமூலம் கொடுத்து, பழையதன் மேல் ‘காலாவதி, 2023 ஜூன்’ என்று எழுதி வாங்கிவிட வேண்டும். போர்ட்டலில் தாக்கல் செய்த புதிய ஒப்புகை எண்ணைச் சான்றிதழின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்து, அந்தக் கவரை ரேஷன் கார்டோடு வைக்காமல் வரிக் கணக்குக் கோப்பிலேயே வைக்கும்படி வீட்டம்மாவிடம் சொல்லியாயிற்று. ரேஷன் கார்டு கவருக்கு ஒரு ஜெராக்ஸ் போதும்.